மாமா வரன் கொண்டு வரட்டும், பதிலை நாம் சொல்வோம்

ஆரணியில் வரன் பேசுகிறவரைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. அவரே வீட்டுக்கு வருவார், வேறு வேலையாக. பட்டு முதலாளியிடமிருந்து பாவு கொண்டுவந்து கொடுக்கிறவர், நெய்து முடித்த சேலையை வாங்கிப் போகிறவர், தறி எந்த அளவில் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க வருகிறவர். வாரத்தில் பத்துப் பதினைந்து வீட்டு வாசலைத் தாண்டுகிற ஆள். எந்த வீட்டில் பெண் படித்து முடித்திருக்கிறாள், எந்த வீட்டுப் பையன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான், எங்கே அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதில் சண்டை என்பதெல்லாம் கேட்காமலே அவர் காதில் விழுந்துவிடும். அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ சொந்தமாகவும் இருந்துவிட்டால், கேட்கவே வேண்டாம், வரன் பேசும் பொறுப்பு தானாக அவர் தோளில் ஏறிவிடும்.

எங்கள் வீட்டுக்கு அப்படிப்பட்டவர் போளூர் மாமா. என் சித்தப்பா மகளுக்கு அவர்தான் வரன் பார்த்தார். அந்தப் பேச்சுவார்த்தை முழுக்க நான் கூடவே இருந்தேன். நல்ல மனுஷர். ஒரு பைசா கமிஷன் வாங்காதவர். ஆனாலும் ஒரு கட்டத்தில், எங்கள் தங்கை சொல்லாத ஒரு வாக்கை அவள் பெயரில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நடுவில் நிற்கிற சொந்தக்காரரை மரியாதை குறையாமல் பயன்படுத்திக்கொள்வது எப்படி, எந்த இடத்தில் நாமே வாய் திறக்க வேண்டும் என்பதை அந்த ஒரு கல்யாணத்தை வைத்தே எழுதுகிறேன்.

"தறி இருக்கு" என்றால் என்ன அர்த்தம்

மாமா முதலில் கொண்டுவந்த தகவல் இவ்வளவுதான்: "தேவிகாபுரம் பக்கம். பையன் டிப்ளமோ, ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை. அப்பா நெசவு, வீட்ல நாலு தறி இருக்கு. சொந்த வீடு. ஒரே தங்கச்சி, கட்டிக் குடுத்தாச்சு."

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், நாலு தறி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு வீட்டு நிலைமையைச் சொல்லிவிட முடியாது. அந்தத் தறியில் ஏறும் பட்டு யாருடையது என்பதுதான் கேள்வி. சொந்தக் காசில் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து விற்கிறவர் ஒரு வகை. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, சங்கம் தரும் பாவை நெய்து கூலி வாங்குகிறவர் இன்னொரு வகை. பட்டு முதலாளி கொடுக்கும் பாவை நெய்து கூலி வாங்குகிறவர் மூன்றாவது வகை. மூன்று வீட்டையும் "தறி இருக்கு" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது வகையில் இன்னொன்றும் சேர்ந்து வரும்: அட்வான்ஸ். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, கூரை மாற்றுவது என்று வரும்போது நெசவாளி முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார். அது கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும், அல்லது பிடிபடாமல் அப்படியே நிற்கும். அடைக்காமல் வேறு முதலாளியிடம் மாற முடியாது. வங்கிக் கடன் மாதிரி இதற்கு நோட்டீஸ் வராது, பத்திரமும் பெரும்பாலும் இருக்காது. வெளியிலிருந்து விசாரிக்கிறவர் கண்ணில் படவே படாது. ஆனால் புது மருமகள் வந்த மூன்றாம் மாதம் "உன் நகையை வச்சா முதலாளி கணக்கை முடிச்சுடலாம்" என்று பேச்சு வந்தால், அதற்கான காரணம் அங்கேதான் இருக்கும்.

மாமா மாதிரி ஆள் ஏன் உதவுகிறார் என்பதும் இதில்தான் இருக்கிறது. முதலாளிக்கும் நெசவாளிக்கும் நடுவில் நடக்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியும். கல்யாண இணையதளமோ வாட்ஸ்அப் குழுவில் வரும் ஜாதகமோ இதைச் சொல்லாது. நாங்கள் அவரிடம் பொதுவாகக் கேட்காமல், குறிப்பாகக் கேட்டோம்: "நாலு தறியும் ஓடுதா மாமா? யார் பாவு? அட்வான்ஸ் நிக்குதா?" அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "ரெண்டு ஓடுது. ரெண்டு சும்மாத்தான் நிக்குது. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது கொஞ்சம் நிக்குதுன்னு கேள்வி." எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் தோண்டவில்லை. அந்தத் தொகையைச் சொல்ல வேண்டியவர் பையன்தான். கேட்காததை மாமாவாக முன்வந்து சொல்ல மாட்டார், கேட்டால் பொய் சொல்ல மாட்டார். சொந்தத்தில் வரன் பேசும் பலர் இப்படித்தான்.

அவர் வாய்க்கு விட வேண்டிய வேலை

நடுவில் ஆள் இருப்பதால் கிடைக்கிற பெரிய லாபம், வேண்டாம் என்று சொல்ல வழி இருப்பது. ஜாதகம் வாங்கினோம், போட்டோ பார்த்தோம், பிடிக்கவில்லை. இதை நேராக அந்த வீட்டுக்குச் சொன்னால், நாளைக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாமா சொன்னால், "பொருத்தம் கூடி வரலையாம்" என்று நாசூக்காக முடிந்துவிடும். இரண்டு பக்கமும் உண்மை தெரியும், ஆனால் இரண்டு பக்கமும் காயம் இல்லை.

அதே மாதிரி முதல் விசாரணை. பையன் குடிப்பானா, அப்பாவுக்கு உடம்பு எப்படி, முன்னே ஒரு இடம் பேசி நின்றுபோனதாமே, ஏன்? இதையெல்லாம் நாம் நேரில் கேட்டால் சண்டை. மாமா டீக்கடையில் கேட்டால் அது விசாரிப்பு. இந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே கறாராக இருந்தோம். பெண்ணின் ஜாதகக் குறிப்பில் அவள் போன் நம்பர், தெருப் பெயர், கம்பெனி பெயர் எதுவும் போடவில்லை. தொடர்புக்கு மாமா நம்பர் மட்டும். காரணம், மாமா நல்ல எண்ணத்தில் அதை ஒரு குழுவில் போடுவார், அங்கிருந்து நாலு குழுவுக்குப் போகும், பிறகு யார் யாரோ கூப்பிடுவார்கள். இரு வீடும் மேலே பேசலாம் என்று சொன்ன பிறகுதான் நம்பர் கைமாறியது.

சொல்லாத வாக்கு

பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி. மாடியில் இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். "படிப்பு, பிடிச்ச படம், அவ்ளோதான்" என்று தங்கை இறங்கி வந்து சொன்னாள். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அடுத்த வாரமே மாமா வந்து, "அவங்க பக்கம் சரின்னுட்டாங்க, ஆவணியில முகூர்த்தம் பாத்துடலாமா?" என்றார்.

தங்கை பி.காம். முடித்துவிட்டு செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது பேச வேண்டிய விஷயம் என்றுகூட அவள் நினைக்கவில்லை.

பையனின் அம்மா ஒரு நாள் போனில் என் சித்தியிடம் சாதாரணமாகக் கேட்டார், "வேலைய விட்டுட்டு வர்றது அதுக்கு மனசுக்குக் கஷ்டமா இல்லையே? இங்க வந்து எனக்கு ஒத்தாசையா இருந்தா போதும்."

சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தால், அந்தப் பக்கம் மாமாவிடம் "பொண்ணு வேலைக்குப் போகுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமா, "கல்யாணம் ஆனா விட்டுடும், நம்ம வீட்டுப் பொண்ணுங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார்? கெட்ட எண்ணம் இல்லை. அந்த நேரத்தில் "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொன்னால் பேச்சு தடைப்படும் என்று பயம். வரன் முடிய வேண்டும், முடிந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அது நடந்திருக்கலாம். கேள்வி கேட்கப்பட்ட நொடியிலேயே பதில் வந்துவிட்டது என்றால், அது யாருடைய பதில் என்று யோசிக்க வேண்டும். பெண்ணைக் கேட்டு வந்து சொல்லியிருந்தால் குறைந்தது ஒரு நாள் ஆகியிருக்கும்.

அந்த அம்மா சொன்ன "ஒத்தாசை"யும் சின்ன வார்த்தை இல்லை. நெசவு வீட்டில் தறியில் உட்காருகிறவர் ஒருவர், அவருக்குப் பின்னால் வேலை செய்கிறவர் இன்னொருவர். பட்டு இழையைப் பிரித்துச் சுற்றுவது, ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுப்பது, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கை வேலை. அதற்குத் தனியாகக் கூலி கிடையாது, சேலைக் கூலிக்குள்ளேயே அடக்கம். அந்த வீட்டில் அதைச் செய்துகொண்டிருந்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நிற்கிற இரண்டு தறியும் ஏன் நிற்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்களுக்கு மருமகள் மட்டும் தேவைப்படவில்லை, தறிக்குப் பின்னால் ஒரு ஆளும் தேவைப்பட்டது. அதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பிழைப்பு அது. ஆனால் அதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும், நாங்களும் நேராகக் கேட்டிருக்க வேண்டும்.

தோழியும் மாமாவும்

நடுவில் ஒருவர் பேசுவது நமக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் 99 பூக்களுக்காக நாம் நினைவு வைத்திருக்கிற குறிஞ்சிப்பாட்டு, 261 அடியும் ஒரு நடுவாள் பேசுகிற பேச்சுதான். கபிலர் அதில் தலைவியைத் தாயிடம் நேராகப் பேசவிடவில்லை. தோழி செவிலித்தாயிடம் பேசுகிறாள். அகப்பாட்டு மரபில் தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர்.

இவ்வளவு பேர் வாய் மாறியும் செய்தி கெடாததற்குக் காரணம் ஒன்று உண்டு. தலைவியின் மனசு என்ன என்பது தோழிக்குத் தெரியும், அவள் சம்மதத்தோடுதான் வாயைத் திறக்கிறாள். தாயின் கோபத்தைத் தணிக்கிற சாமர்த்தியம் தோழியுடையது, முடிவு தலைவியுடையது. போளூர் மாமாவுக்குச் சாமர்த்தியம் தோழியை விடக் கம்மி இல்லை. அவர் ஒரு தடவைகூடத் தங்கையிடம் உட்கார்ந்து "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்ப உட்கார்ந்து பேசினது

முதலில் சித்தப்பா கோபத்தில் வரனையே நிறுத்தப் பார்த்தார். தங்கைதான் தடுத்தாள். "அவரு என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. அவங்கம்மா சொன்னது மட்டும்தான் தெரியும்" என்றாள். சரியான பேச்சு. பையனுக்கு அவளே போன் பண்ணினாள். மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் பண்ணினாள், ஒளித்து இல்லை.

ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளை அவள் கேட்கவில்லை. "நான் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டால் "போகலாமே" என்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. அவள் கேட்டது: "உங்க வீட்ல காலைல யாரு எப்ப எழுந்திருப்பாங்க? இப்ப தார் யாரு சுத்தறாங்க? தங்கச்சி போனதுல இருந்து தறி எப்படி ஓடுது? நீங்க மாசம் வீட்டுக்கு எவ்ளோ அனுப்பறீங்க? கல்யாணத்துக்கு அப்புறம் நாம தேவிகாபுரத்துலயா, ஸ்ரீபெரும்புதூர்லயா?" ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் ஜோடித்துச் சொல்வது கஷ்டம். அவர் ஜோடிக்கவும் இல்லை. முதலாளியிடம் நிற்கும் தொகையை அவரே சொன்னார். அதைத் தன் சம்பளத்தில் அடைத்துக்கொண்டிருப்பதையும், அப்பா தறியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் தான் ஏற்கனவே சண்டை போட்டிருப்பதையும் சொன்னார்.

அதன் பிறகு இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்தோம். மாமாவும் இருந்தார், ஆனால் மூன்று விஷயத்தைத் தங்கையும் பையனும் தங்கள் வாயால் சொன்னார்கள்: அவள் வேலைக்குப் போவாள். குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில். முதலாளி கணக்கு பையன் சம்பளத்திலிருந்து, அவள் நகையிலிருந்து இல்லை. மாமியாருக்கு முகம் வாடியது உண்மைதான். ஆனால் அந்த வருத்தம் கல்யாணத்துக்கு முன்னால் வந்தது. பின்னால் வந்திருந்தால் அதற்குப் பெயர் சண்டை.

"உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க"

நடுவாள் வாய் வழியாக வரும் வாக்கியங்களிலேயே இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மாமா அப்படியே சொன்னார், "அவங்க எதுவும் கேக்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்கன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கமெல்லாம் இருபது, இருபத்தஞ்சு சவரன்னு பழக்கம்" என்றார். கேட்டது அவர்களா, பழக்கத்தைச் சொன்னது மாமாவா? இதைப் பிரித்துக் கேட்காவிட்டால், யாரும் கேட்காத ஒரு தொகைக்கு அப்பா வீட்டை அடமானம் வைப்பார்.

கேட்டோம். "இது அவங்க சொன்னதா, நீங்க சொல்றதா மாமா?" அவர் சொன்னதுதான். அவர்கள் வாயில் சவரன் கணக்கே வரவில்லை.

ஒருவேளை அவர்களே கேட்டிருந்தால்? 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், நேராகக் கேட்பதையும் மறைமுகமாகக் கேட்பதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. கேட்பதற்கு மட்டுமே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. கொடுப்பது, வாங்குவது, அதற்கு உடந்தையாக இருப்பது ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சமே 5 ஆண்டு. தொகையைச் சுமந்து வந்து சொல்கிற மாமாவும் உடந்தை என்ற சொல்லுக்குள் மாட்டலாம். இதை மிரட்டலாக இல்லாமல், "உங்களுக்கு வம்பு வேண்டாம் மாமா, காசு பேச்சை நீங்க தூக்காதீங்க" என்று சொன்னோம். அவருக்கே அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு அப்பா விருப்பப்பட்டுப் போட்ட நகைக்கு ஒரு பட்டியல் எழுதினோம். 1985-ல் வந்த விதிகளே அப்படிப் பட்டியல் வைக்கச் சொல்கின்றன: பொருள் என்ன, தோராய மதிப்பு என்ன, யார் கொடுத்தது, அவர் என்ன உறவு, மணமகன் மணமகள் இருவர் கையெழுத்து. ஒரு பக்கம் போதும். அதை எழுத வெட்கப்படுகிறவர்கள்தான் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள்.

பெரிய விஷயத்தையே மறைத்துக் கல்யாணம் முடித்துவிட்டால் இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மணமகன் அல்லது மணமகள் பற்றிய முக்கியமான உண்மையை ஏமாற்றி மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ஏமாற்று தெரிந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், தெரிந்த பிறகும் மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. நாலு தறியில் இரண்டு நிற்பதை எல்லாம் கோர்ட் இந்தக் கணக்கில் சேர்க்கும் என்று நம்பாதீர்கள். அதை முன்னாடியே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் மலிவு.

மாமாவுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்

பேசி முடித்த அன்று மாமா கேட்டார், "எல்லாம் நீங்களே பேசிக்கிட்டா அப்புறம் நான் எதுக்குடா?" அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஏனென்றால் நாமும் அவரைச் சரியாக நடத்துவதில்லை. வரன் நல்லபடி அமைந்தால் ஒரு வேட்டி சட்டை, பந்தியில் முதல் வரிசை. சண்டை வந்தால் ராத்திரி பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "நீதானே சொன்ன" என்போம். நல்லதுக்கு அவர் பங்கு ஒரு வேட்டி, கெட்டதுக்கு முழுப் பங்கும் அவருக்கு. இப்படி வைத்திருந்தால் எந்த மனுஷனும் குறைகளை மழுப்பித்தான் பேசுவார்.

அதனால் நாங்கள் சில வேலைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். வீட்டுப் பட்டா யார் பெயரில் என்பதை இணையத்தில் நாங்களே பார்த்துக்கொண்டோம். தாத்தா பெயரில் கூட்டுப்பட்டா என்று தெரிந்தது. "சொந்த வீடு" என்று அவர் சொன்னதற்கு அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே சமயத்தில் அதே வீட்டுக்கு வேறு ஒருவரை விட்டு விசாரித்து மாமாவைப் பொய்யராக்கவில்லை. ஜாதகம் வந்தால் சரியோ இல்லையோ ஒரு வாரத்துக்குள் பதில் சொன்னோம். அவருக்கு ஆன பஸ் செலவையும் போன் செலவையும் அப்போதைக்கப்போதே கொடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் விட, "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அது எங்க முடிவு, உங்க மேல வராது" என்று சித்தப்பா நாலு பேர் முன்னால் சொன்னார். அதன் பிறகு மாமா பேச்சே மாறிவிட்டது. தெரியாததை "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார், நாளைக்கே ஒரு ஜாதகத்தோடு வருவார். அவரை உட்கார வைத்து, அன்றைக்கே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வேலை, எங்கே குடியிருப்பது, காசு இந்த மூன்றையும் பெண்ணும் பையனும் தாங்களே பேசிக்கொள்வார்கள், மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று. முதல் நாளே சொன்னால் அது அவருக்கு ஒரு ஒழுங்கு. முகூர்த்தம் குறித்த பிறகு சொன்னால் அது அவருக்கு அவமானம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் சொல்கிற நாள் மட்டும்தான், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.